பட்டுத் தறியும் பீட்டாவும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் வணிகவியல் துறை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேசும்படி செயலாளர் கேட்டார். அதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். நான் வணிகவியல் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவன். விடைத்தாள் திருத்தித் திருத்தி, நிதி மேலாண்மைத் தாளில் எந்தக் கணக்கில் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள் என்பது மனப்பாடமாகிவிட்டது. கேப்பிட்டல் அசெட் ப்ரைசிங் மாடல் என்ற அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இந்த ஊர்க்காரன் என்பதால் தறி, பாவு, சரிகை எல்லாம் நடுவிலே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பங்கை வாங்குகிறவன் குறைந்தது எத்தனை விழுக்காடு வருமானத்தை எதிர்பார்ப்பது நியாயம்? கேள்வி அவ்வளவுதான். இதற்கு 1964-இல் வில்லியம் ஷார்ப் ஒரு பதிலை எழுதினார். லிண்ட்னர், மோஸின் ஆகியோரும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஷார்ப்புக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. சூத்திரம் ஒரே வரி:

Ke = Rf + β (Rm − Rf)

தமிழில் சொன்னால், தேவையான வருமானம் என்பது இடரே இல்லாத வட்டியோடு, பீட்டாவையும் சந்தை இடர் பிரீமியத்தையும் பெருக்கிக் கூட்டியது. இடரில்லாத வட்டிக்கு அரசாங்கப் பத்திரத்தின் வட்டியை எடுப்பார்கள். அடைப்புக்குள் இருப்பதுதான் பிரீமியம். அதாவது சந்தை மொத்தமாகக் கொடுக்கும் வருமானத்தில் அந்த வட்டியைக் கழித்த மிச்சம்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இந்த அடைப்புதான். ஒரு கணக்கு போடுவோம். அரசுப் பத்திர வட்டி 7 விழுக்காடு, சந்தை இடர் பிரீமியம் 8 விழுக்காடு, பங்கின் பீட்டா 1.2. விடை என்ன? 1.2-ஐ 8-ஆல் பெருக்கினால் 9.6, அதோடு 7 சேர்த்தால் 16.6 விழுக்காடு. ஆனால் பாதிப் பேர் 8-லிருந்து 7-ஐக் கழித்து, 1.2-ஐ 1-ஆல் பெருக்கி, 8.2 என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஏனப்பா என்று கேட்டால், "சூத்திரத்திலே கழிக்கணும்னு இருக்கே சார்" என்பார்கள். கழித்து முடித்ததைத்தான் கேள்வியிலேயே கொடுத்திருக்கிறான்! பிரீமியம் என்ற சொல் வந்துவிட்டால் கழித்தல் முடிந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கேள்வியில் சந்தையின் எதிர்பார்க்கும் வருமானம் 15 விழுக்காடு என்று இருக்கும். அதைக் கழிக்காமல் அப்படியே 1.2-ஆல் பெருக்கி, 18 ப்ளஸ் 7, ஆக 25 என்று எழுதுவார்கள். இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான், 15-இல் 7 போனால் அதே 8. ஆனால் ஒருவனுக்கு 8.2, இன்னொருவனுக்கு 25. மூன்றாவதாக ஒரு கண்ணி இருக்கிறது. 'இந்தப் பங்கின் இடர் பிரீமியம் 9.6' என்று கொடுத்திருந்தால், அதில் பீட்டா ஏற்கெனவே பெருக்கப்பட்டுவிட்டது. மறுபடி பீட்டாவைத் தொடக் கூடாது, 7-ஐக் கூட்டினால் போதும்.

விடை சரியா என்று பார்க்க வாய்பாடு எதுவும் வேண்டாம். பீட்டா 1 என்றால் விடை சந்தை வருமானத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 1-க்கு மேல் என்றால் அதற்கு மேலே, 1-க்குக் கீழ் என்றால் அதற்குக் கீழே. நம் கணக்கில் சந்தை வருமானம் 7 ப்ளஸ் 8, ஆக 15. பீட்டா 1.2. விடை 15-ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும், ரொம்பவும் தாண்டக் கூடாது. 8.2 என்று எழுதிய பையன் ஒரு விநாடி நின்று பார்த்திருந்தால் தானே அடித்துத் திருத்தியிருப்பான்.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் பீட்டா என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் "ரிஸ்க் சார்" என்கிறார்கள். அது அரைகுறை. பங்கு விலை எவ்வளவு ஆடுகிறது என்பதை பீட்டா சொல்வதில்லை. சந்தை ஆடும்போது கூடவே எவ்வளவு ஆடுகிறது என்பதைத்தான் சொல்கிறது. இந்த வித்தியாசம் பிடிபடாதவரை சூத்திரம் வெறும் மனப்பாடம்தான்.

இரண்டு பங்குகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. நிஃப்டியின் மாத ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 5 விழுக்காடு. முதல் பங்கு ஒரு பட்டுப் புடவைக் கம்பெனி. அதன் திட்ட விலக்கம் 10, நிஃப்டியோடு ஒட்டுறவு 0.45. இரண்டாவது ஒரு பெரிய வங்கி. திட்ட விலக்கம் 7, ஒட்டுறவு 0.9. பீட்டா கண்டுபிடிக்க ஒட்டுறவைப் பங்கின் திட்ட விலக்கத்தால் பெருக்கி, நிஃப்டியின் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். பட்டுக் கம்பெனிக்கு 0.45 பெருக்கல் 10, வகுத்தல் 5, ஆக 0.9. வங்கிக்கு 0.9 பெருக்கல் 7, வகுத்தல் 5, ஆக 1.26.

தேவையான வருமானத்தைப் போடுங்கள். பட்டுக்கு 7 ப்ளஸ் 0.9 பெருக்கல் 8, அதாவது 14.2. வங்கிக்கு 17.08. அதிகம் ஆடுகிற பங்குக்குக் குறைந்த கூலி, அமைதியான பங்குக்கு அதிகக் கூலி! தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும்.

காரணம் நம் தெருவிலேயே இருக்கிறது. பட்டுக் கம்பெனியின் விலை எதற்கெல்லாம் ஆடும்? பெங்களூருப் பக்கம் பட்டு நூல் விலை ஏறினால் ஆடும். சரிகை என்பது வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம், ஆகவே வெள்ளி ஏறினாலும் ஆடும், தங்கம் ஏறினாலும் ஆடும். ஓர் ஆண்டில் முகூர்த்தம் குறைந்தால் ஆடும். டிசைன் எடுபடாவிட்டால் ஆடும். இவற்றில் பெரும்பாலானவை வங்கியையோ, சிமெண்டையோ, மென்பொருள் கம்பெனியையோ தொடுவதில்லை. நாற்பது ஐம்பது பங்குகளை வைத்திருப்பவனுக்குப் பட்டு நூல் ஏறிய மாதத்தில் வேறொன்று கைகொடுக்கும். ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போகும். தானாகவே கரைந்து போகிற இடருக்குச் சந்தை கூலி கொடுக்காது. கரையாத இடருக்குத்தான் கொடுக்கும்.

கரையாத இடர் எப்படி இருக்கும்? 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே மாதத்தில் நிஃப்டி ஏறத்தாழ 23 விழுக்காடு விழுந்தது. வங்கி, விமானம், சினிமாக் கொட்டகை, ஜவுளிக்கடை எல்லாம் சேர்ந்தே விழுந்தன. ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப்போயின, தறி நின்றது. ஐம்பது பங்கு வைத்திருந்தவனுக்கும் ஒளிய இடமில்லை. அந்த மாதிரி மாதத்தில் ஒரு பங்கு சந்தையை விட எவ்வளவு கூடுதலாக அல்லது குறைவாக விழும் என்பதே பீட்டா.

இங்கே ஒரு எச்சரிக்கை. 0.9 என்று எழுதும்போது கை நடுங்குவதில்லை, ஆனால் நடுங்க வேண்டும். அறுபது மாத விலையை வைத்து இந்த 0.9 வந்திருந்தால், அதன் பிழை அளவு 0.23 சுமார். அதாவது உண்மையான பீட்டா 0.43-லிருந்து 1.37 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். தேவையான வருமானம் 10 விழுக்காடாகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் ஒரே கம்பெனியின் பீட்டாவை நம்பாமல், அதே தொழிலில் உள்ள பல கம்பெனிகளின் பீட்டாவைச் சராசரி எடுப்பார்கள். பட்டுப் புடவையில் அதற்கும் வழி குறைவு. நமக்குத் தெரிந்த பெரிய பட்டுக் கடைகள் பல குடும்பச் சொத்துகள், சந்தையில் பங்கு கிடையாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சாய் சில்க்ஸ் கலாமந்திர், வரமகாலட்சுமி சில்க்ஸ் கடைகளை நடத்தும் கம்பெனி, 2023 செப்டம்பரில்தான் பட்டியலுக்கு வந்தது. அறுபது மாதம் என்பதே அதற்கு 2028-இல்தான் நிறையும். (என் 0.9 அந்தக் கம்பெனியின் பீட்டா அல்ல, கணக்குக்கு வைத்துக்கொண்டது.)

இன்னொரு மோசடியான பீட்டா உண்டு. சின்னக் கம்பெனிப் பங்கு சில நாள் கைமாறவே மாறாது. நிஃப்டி இன்று விழும், இந்தப் பங்கின் விலை நேற்றைய விலையிலேயே நிற்கும், நாலு நாள் கழித்து யாராவது விற்கும்போதுதான் விழும். தினசரி விலையை வைத்துக் கணக்கிட்டால் பீட்டா 0.2 என்று வரும். பாதுகாப்பான பங்கு என்று நினைக்க வேண்டாம், தூங்குகிற பங்கு. மாத விலையை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். பீட்டா திடீரென்று உயர்ந்தால் முதல் எண் பொய்.

சரி, பீட்டாவை விடுங்கள். பிரீமியம் 8 என்று நான் போட்டேனே, அது எங்கிருந்து வந்தது? கேள்வித்தாளில் யாரோ எழுதியது. நிஜத்தில் யார் எழுதுவார்கள்? அகமதாபாத் ஐ.ஐ.எம்.மைச் சேர்ந்த ஜெயந்த் வர்மாவும் சமீர் பரூவாவும் 2006-இல் இந்தியச் சந்தைக்கு இதைக் கணக்கிட்டார்கள். 1981-லிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுத் தரவு. அந்தக் காலத்தில் வட்டி விகிதங்கள் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன, இடரில்லாத வட்டி எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர்களுக்குக் கிடைத்த விடை ஒன்றல்ல, இரண்டு. பெருக்குச் சராசரி எடுத்தால் 8.75 விழுக்காடு. சாதாரணக் கூட்டுச் சராசரி எடுத்தால் சுமார் 12.5.

ஒரே தரவுக்கு எப்படி இரண்டு? ஒரு வருடம் 100 ரூபாய் 150 ஆகிறது, அடுத்த வருடம் 75 ஆகிறது. முதலில் 50 ஏற்றம், அப்புறம் 50 இறக்கம், கூட்டுச் சராசரி பூஜ்யம். ஆனால் கையில் 25 ரூபாய் குறைந்திருக்கிறது. பெருக்குச் சராசரி அந்த நஷ்டத்தைச் சொல்லும், வருடத்துக்கு 13 விழுக்காடு மைனஸ் என்று. சந்தை எவ்வளவுக்கு அதிகமாக ஆடுகிறதோ, இரண்டு சராசரிக்கும் அவ்வளவு தூரம். அடுத்த ஒரு வருடத்துக்கு மட்டும் பார்ப்பவர் கூட்டுச் சராசரியை எடுப்பதில் நியாயம் உண்டு. பல வருடம் பணம் கிடந்து வளர்வதைப் பார்ப்பவர் பெருக்குச் சராசரிப் பக்கம் சாய்வார். என் சாய்வும் அதுதான்.

இது வெறும் வாத்தியார் சண்டை என்று நினைக்காதீர்கள். 0.9 பீட்டாவுக்கு, 8.75 போட்டால் தேவையான வருமானம் 14.9 வரும். 12.5 போட்டால் 18.25. அடுத்த ஆண்டு 10 ரூபாய் டிவிடெண்ட் தந்து, வருடத்துக்கு 6 விழுக்காடு வளரும் ஒரு பங்குக்கு விலை போடுவோம். டிவிடெண்டை, தேவையான வருமானத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். முதல் கணக்கில் 112 ரூபாய் சொச்சம். இரண்டாவதில் 82 ரூபாய்கூட இல்லை. பங்கு 95 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மலிவு என்று வாங்குவார், இன்னொருவர் அதிகம் என்று விற்பார். இருவரும் ஒரே சூத்திரத்தைத்தான் போட்டார்கள். விமான நிலையக் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையத்தின் முன்பும் இதே வழக்குதான் நடக்கிறது. நிலையத்தை நடத்தும் கம்பெனி தன் பங்கு முதலுக்கு உயர்ந்த விழுக்காடு கேட்கும், விமானக் கம்பெனிகள் குறைந்த விழுக்காடு போதும் என்று வாதாடும். கடைசியில் அந்த விழுக்காடு நம் டிக்கெட்டில் வந்து சேரும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் சேவூரில் தறி போடுகிறவன். இரண்டு தறி, வீட்டில் எல்லோருக்கும் வேலை. கொஞ்சம் சேமிப்பு சேர்ந்ததும் என்னிடம் வந்தான். "மாமா, பங்கிலே போடலாம்னு பார்க்கிறேன். நமக்குத் தெரிஞ்ச தொழில் பட்டுதானே. ஒரு பட்டுக் கம்பெனிப் பங்கையே மொத்தமா வாங்கிடட்டுமா? புடவையைத் தொட்டாலே நான் தரம் சொல்லிடுவேன்" என்றான்.

நான் காகிதத்தை எடுத்து 14.2 என்று போட்டுக் காட்டினேன். "இதுக்கு மேலே கிடைக்கும்னு தோணுதாடா?" "கிடைக்கும் போலத்தான் இருக்கு மாமா." புத்தகத்தின்படி வாங்கு என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் 14.2 யாருடைய எண்? நாற்பது ஐம்பது பங்குகளைக் கலந்து வைத்திருப்பவனுடைய எண். பட்டு நூல் விலை, சரிகை விலை, முகூர்த்தக் குறைவு எல்லாம் அவனுக்குக் கரைந்து போகும் என்ற அனுமானத்தில் வந்த எண். என் அக்கா மகனுக்கு எது கரையும்? பட்டு நூல் ஏறினால் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைப்பார், இவன் கூலி விழும். அதே மாதம் பங்கும் விழும். சரிகை ஏறினாலும் அப்படியே. அவன் கையில் ஏற்கெனவே ஒரு பெரிய பட்டுப் பங்கு இருக்கிறது. அதற்குப் பெயர் தறி. அவன் உழைப்பு முழுவதும் அதில்தான் முதலீடாகக் கிடக்கிறது, நினைத்தால் அதை விற்கவும் முடியாது.

நான் அவனுக்கு வேறொரு கணக்கு போட்டுக் காட்டினேன். பட்டுக் கம்பெனிப் பங்கு நிஃப்டியோடு எவ்வளவு ஆடுகிறது என்பதை விடு, உன் கூலியோடு எவ்வளவு ஆடும் என்று பார். கூலி நின்ற மாதம் சேமிப்பை எடுத்துத்தானே சாப்பிட வேண்டும், அந்த மாதமே பங்கும் பாதி விலையில் கிடந்தால் விற்றுத்தானே ஆக வேண்டும் என்றேன். அவன் சட்டென்று, "அப்ப எனக்கு அந்தப் பங்கு 14 கொடுத்தாலும் பத்தாது, 20, 25 கொடுத்தாத்தான் கட்டும்" என்றான். என் வகுப்பில் பல வருடம் யாரும் சொல்லாத பதில். சந்தையில் விலை ஒன்றுதான், கலந்து வைத்திருப்பவன் 14-க்கே அதை வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆகவே நெசவாளிக்கு அந்த விலை எப்போதும் அதிகம்தான். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கும், தான் வேலை செய்யும் கம்பெனியின் பங்கையே வாங்கிச் சேர்க்கும் நம் பழைய மாணவர்களுக்கும் இதே கணக்குதான். தொழில் தெரியும் என்பது நல்ல பங்கைப் பொறுக்க உதவலாம். அந்தத் தொழிலின் இடரை அது குறைக்காது.

இந்த மாடல் முழு உண்மை என்றும் நான் சொல்லவில்லை. 1992-இல் பாமாவும் ஃப்ரெஞ்சும் அமெரிக்கப் பங்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பீட்டா அதிகமுள்ள பங்குகள் சூத்திரம் சொன்ன அளவுக்கு அதிக வருமானம் கொடுக்கவில்லை. கம்பெனியின் அளவும், புத்தக மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள விகிதமும் அதைவிட நன்றாகப் பேசின. அப்படியிருந்தும் மூலதனச் செலவு கணக்கிடுகிறவர்கள் இந்தச் சூத்திரத்தை விடவில்லை. மூன்று எண் போதும் என்பது ஒரு வசதி. எந்த எண்ணில் சண்டை என்று கை வைத்துக் காட்ட முடிவது இன்னொரு வசதி.

பேசி முடித்ததும் இறுதியாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "சார், பீட்டா மைனஸாக இருக்க முடியுமா?" என்று கேட்டார். அந்தப் பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். முடியும். மைனஸ் 0.2 என்றால், 7-லிருந்து 1.6 போய், தேவையான வருமானம் 5.4 விழுக்காடு. அரசுப் பத்திரத்தை விடக் குறைவு. தப்பு என்று அடிக்காதீர்கள், விடை சரிதான். எல்லாம் விழும்போது ஏறுகிற பொருளுக்கு மக்கள் குறைந்த வருமானத்தை ஏற்றுக்கொள்வார்கள், இன்ஷூரன்ஸுக்கு பிரீமியம் கட்டுவது போல. தங்கம் சில நெருக்கடிகளில் அப்படி நடந்துகொண்டிருக்கிறது, எப்போதும் அல்ல. அந்த மாணவி விடவில்லை. "அப்ப உங்க அக்கா மகனுக்கு என்ன சார் சொன்னீங்க?" என்றார். பாதியை எல்லாப் பங்குகளும் கலந்த இண்டெக்ஸ் ஃபண்டிலும், மீதியில் பெரும்பகுதியை வங்கி டெபாசிட்டிலும், கொஞ்சத்தைத் தங்கத்திலும் போடச் சொன்னேன். தங்கம் ஏறினால் சரிகை ஏறும், தறிக்கு வேலை குறையும், அந்த மாதம் பெட்டியில் இருக்கிற தங்கமும் ஏறியிருக்கும். அவன் தங்கத்தை மட்டும் உடனே வாங்கினான். இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.